சிஸ்டோசோமா முட்டையைத் தேட எது உதவும்: வண்டலா, வடிகட்டியா, டிப்ஸ்டிக்கா?

மலாவி ஏரிக்கரையில் விடுமுறையைக் கழித்து, நாள்தோறும் அங்கே நீந்திவிட்டுத் திரும்பிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்து மாதம் கழித்து, சிறுநீர் கழித்து முடிக்கும்போது கடைசித் துளிகள் சிவப்பாக வருகின்றன. காய்ச்சல் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. ஆய்வகத்தில் காலையில் எழுந்ததும் வரும் சிறுநீரைக் கேட்கிறார்கள். அதில் 10 மில்லியைச் சுழற்றி, அடியில் தங்கிய வண்டலில் ஒரு சொட்டை ஸ்லைடில் பார்க்கிறார்கள். "சிவப்பணுக்கள் ஏராளம், பாக்டீரியா இல்லை, ஒட்டுண்ணி இல்லை" என்று அறிக்கை வருகிறது. ஆனால் ஏரித் தண்ணீரில் இருந்து தோல் வழியே நுழைந்த சிஸ்டோசோமா என்ற ஒட்டுண்ணிப் புழு அவர் உடலில் இருக்கிறது. பார்த்தவர் கவனக்குறைவாகப் பார்க்கவும் இல்லை. எந்த நேரத்துச் சிறுநீர், எவ்வளவு, எந்த முறை என்ற மூன்று தேர்வுகளும் முட்டையைத் தவறவிடும் பக்கமாகவே அமைந்துவிட்டன.

சிஸ்டோசோமா ஹிமடோபியம் புழுக்கள் ஆணும் பெண்ணுமாக, சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள சிரை வலையில் வாழ்கின்றன. பெண் புழு நுண்ணிய சிரைகளுக்குள் முட்டையிடுகிறது. முட்டைக்குள் இருக்கும் மிராசிடியம் என்ற லார்வா சுரக்கும் நொதிகள் சுற்றியுள்ள திசுவை இளக்க, முட்டை மெல்ல மெல்லப் பையின் உட்சுவரைக் கிழித்துக்கொண்டு சிறுநீரில் விழுகிறது. அது வெளியேறும் இடத்தில் கசிவதுதான் அந்த இரத்தம். பை முழுதாகச் சுருங்குவது கழித்து முடிக்கும் தருணத்தில். புண்ணான சுவர் அப்போதுதான் நன்றாகப் பிழியப்படுகிறது, அதனால் கடைசித் துளிகளில் சிவப்பு தெரிகிறது. எல்லா முட்டைகளும் வெளியே வந்துவிடுவதும் இல்லை. பெரும்பங்கு சுவரிலேயே சிக்கி, அதைச் சுற்றி அழற்சிக் கட்டிகள் உண்டாகி, நாளடைவில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது. ஆகவே சிறுநீரில் முட்டை குறைவாக இருந்தால் நோய் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் போட்டி காலைக்கும் நண்பகலுக்கும். இரவெல்லாம் தேங்கிய சிறுநீர் அடர்த்தியானது, அதில் எதைத் தேடினாலும் கிடைக்கும் என்ற எண்ணம் ஆய்வகங்களில் ஊறிப்போனது. பல சோதனைகளுக்கு அது சரியும்கூட. இந்தப் புழுவுக்குப் பொருந்தாது. முட்டை வெளியேறுவதற்கு ஒரு நாள் சுழற்சி உண்டு, அதன் உச்சம் நண்பகலை ஒட்டி வருகிறது. அதனால்தான் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் எடுக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் வருவதில் நடுப்பகுதியை மட்டும் பிடித்தால் பாதிப் பலன் போய்விடும். பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்குத்தான் நடுப்பகுதி வேண்டும். இங்கே கடைசித் துளி உட்பட முழுவதும் ஒரே பாத்திரத்தில் வர வேண்டும். முட்டைகள் நிறைந்திருப்பது அந்தக் கடைசிப் பகுதியில்தான். நோயாளியிடம் இதை வாயால் சொல்லி அனுப்புவது நல்லது. சொல்லாவிட்டால் பழக்கத்தில் நடுப்பகுதியைத்தான் கொண்டுவருவார்.

எடுத்த பிறகும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. முட்டை பொரிவதற்கு நீர்த்த திரவமும் வெளிச்சமும் போதும். நிறையத் தண்ணீர் குடித்தவரின் வெளிறிய சிறுநீர் ஜன்னலோரம் சில மணி நேரம் இருந்தால் மிராசிடியங்கள் வெளியேறிவிடும். அப்புறம் மிஞ்சுவது வெற்று ஓடுகள். இருட்டில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பார்ப்பதே உத்தமம். முடியாவிட்டால் 100 மில்லிக்கு 1 மில்லி ஃபார்மலின் சேர்க்கலாம். அதற்கு ஒரு விலை உண்டு: முட்டை உயிரோடு இருந்ததா என்பதை அதன்பின் சொல்ல முடியாது.

வண்டல் முறைக்கும் வடிகட்டி முறைக்கும் உள்ள போட்டிதான் உண்மையில் யோசிக்க வேண்டியது. வடிகட்டி முறையில் சிறுநீரை நன்றாகக் குலுக்கி, சிரிஞ்சில் 10 மில்லி எடுத்து, நுண்துளைகள் கொண்ட சிறிய வட்ட வடிகட்டி வழியே தள்ளுகிறோம். துளைகள் 12 முதல் 20 மைக்ரான் வரை இருக்கும். சிவப்பணு கடந்துவிடும், முட்டை நின்றுவிடும். பிறகு காலி சிரிஞ்சில் காற்றை இழுத்து அதே வழியில் தள்ளினால் ஈரம் போய் முட்டைகள் வடிகட்டியோடு ஒட்டிக்கொள்ளும். இடுக்கியால் எடுத்து, முட்டை படிந்த பக்கம் மேலாக ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டு லூகோல் அயோடின் விட்டு, வட்டம் முழுவதையும் எண்ண வேண்டும். பக்கம் மாறினால் எண்ணிக்கை குளறுபடியாகும். நைலான் வடிகட்டியைக் கழுவித் திரும்பப் பயன்படுத்துகிறவர்கள், கழுவியதும் அதை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். முந்தையவரின் முட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் அடுத்தவருக்கு இல்லாத நோய் வந்துவிடும். இரத்தம் கட்டிய சிறுநீர் வடிகட்டியை அடைத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும்.

இந்த முறையின் பலம், பத்து மில்லிக்கு இத்தனை முட்டை என்று நேராக ஒரு எண் கிடைப்பது. 50க்குக் கீழே இருந்தால் லேசான தொற்று, 50ம் அதற்கு மேலும் கடுமையானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வகுப்பு. ஒரு பள்ளியில் இருநூறு பிள்ளைகளைப் பரிசோதித்து, தொற்று எவ்வளவு கடுமை என்று அறிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வண்டல் முறையில் அத்தனை ஒழுங்கு இல்லை. முழுச் சிறுநீரையும் கூம்பு வடிவப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் நிற்கவிட்டு, மேல்நீரை மெதுவாக வடித்து, மீதியைக் குறைந்த வேகத்தில் ஓரிரு நிமிடம் சுழற்றுகிறோம். வேகம் அதிகமானால் முட்டைகள் உடையலாம். இரத்தம் அடர்ந்து முட்டையை மறைத்தால், சிவப்பணுக்களைக் கரைக்க ஒரு சொட்டு சாபோனின் சேர்க்கலாம். அதற்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் சிவப்பணு கரையும், கூடவே முட்டையும் பொரிந்துவிடும். அடியில் தங்கிய வண்டல் அத்தனையையும், எத்தனை ஸ்லைடு ஆனாலும், பார்த்து முடிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் நம் பயணிக்கு இதுதான் உதவும்.

கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும். அவர் மறுநாள் நண்பகலில் 120 மில்லி கொண்டுவருகிறார். முழு வண்டலையும் தேடியதில் நான்கு முட்டைகள் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து மில்லிக்குச் சராசரியாக ஒரு முட்டையில் மூன்றில் ஒரு பங்குதான். அதே பாத்திரத்தை நன்றாகக் கலக்கி 10 மில்லி மட்டும் வடிகட்டியிருந்தால், ஒரு முட்டையாவது சிக்க ஏறத்தாழ 28 சதவீத வாய்ப்புதான். இதே அளவு முட்டை தினமும் வெளியேறுவதாகக் கொண்டு மூன்று நாள் வடிகட்டினாலும் 63 சதவீதத்தைத்தான் எட்டும். முதல் நாள் அறிக்கை ஏன் அப்படி வந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆகவே முட்டை நிறைந்த ஊரில் வடிகட்டி, புழு ஓரிரு ஜோடியே இருக்கக்கூடிய தனி ஆளுக்கு முழு வண்டல் என்பது என் தேர்வு. வடிகட்டிதான் கையில் இருக்கிறது என்றால், 10 மில்லியோடு நிறுத்தாமல் பாத்திரம் காலியாகும்வரை பல வடிகட்டிகளில் தள்ளிப் பார்க்கலாம்.

இனி அந்த நான்கில் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். பத்து மடங்கு லென்ஸே போதும், டயாபிரத்தைக் கொஞ்சம் மூடி வெளிச்சத்தைக் குறைத்தால் ஓட்டின் விளிம்பு எழுந்து தெரியும். நீளம் 110 முதல் 170 மைக்ரான், அகலம் 40 முதல் 70. வெள்ளரி விதை போல நீண்டு, ஒரு முனை உருண்டு, மறுமுனை குறுகி, அந்தக் குறுகிய முனையின் நுனியிலேயே சிறிய கூர்மையான முள். அருகில் கிடக்கும் சிவப்பணுவைவிட நீளத்தில் பதினைந்து மடங்குக்கு மேல் பெரியது என்பதால், கண்ணில் பட்டால் தவறவிட மாட்டோம். முள்தான் ஏமாற்றும். முட்டை சாய்ந்தோ நிமிர்ந்தோ கிடந்தால் முள் ஓட்டுக்கு அடியில் மறைந்துகொள்ளும். கவர் ஸ்லிப்பை ஊசி முனையால் மெல்லத் தட்டினால் முட்டை உருண்டு முள்ளைக் காட்டும். வடிகட்டியில் ஒட்டிய முட்டையை இப்படி உருட்ட முடியாது, அங்கே வண்டலுக்கு ஒரு கூடுதல் சாதகம்.

முள் பக்கவாட்டில் பெரிதாக நின்றால் அது குடலைத் தாக்கும் சிஸ்டோசோமா மான்சோனி. மலம் கலந்திருக்கலாம், அல்லது கடும் தொற்றில் வழி மாறி வந்திருக்கலாம். இரண்டு இனமும் ஒரே ஆளிடம் இருப்பதும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் சாதாரணம், எனவே மலத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டையான டிப்ஸ்டிக் இவற்றோடு ஒரே வரிசையில் நிற்கும் போட்டியாளர் அல்ல, அது முட்டையைத் தேடுவதே இல்லை. சிறுநீரில் இரத்தம் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் நிறம் மாறிச் சொல்கிறது. தொற்று மிகுந்த ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளிடம் இரத்தமும் முட்டையும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. மின்சாரமும் நுண்ணோக்கியும் இல்லாத இடத்தில் அது பெரிய உதவி. ஆனால் லேசான தொற்றில் இரத்தம் கசியாமலே இருக்கலாம், வைட்டமின் சி நிறைய எடுத்தவரிடம் பட்டை நிறம் மாறாமல் ஏமாற்றலாம். மாதவிடாய், கல், சிறுநீர்த் தொற்று எல்லாமே அதை நிறம் மாற்றும். பெரியவர்களிடம் இன்னொரு கவலை உண்டு. பல ஆண்டுத் தொற்றில் பையின் சுவர் தழும்பேறி முட்டை வெளிவருவது குறைந்துவிடும், அதே சுவரில் புற்றுநோயும் வரலாம். நண்பகல் வண்டலைச் சில நாள் முறையாகத் தேடியும் முட்டை இல்லை, இரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால் புழு மாத்திரை கொடுத்து அனுப்பாமல் சிறுநீர்ப்பையை உள்நோக்கிப் பார்க்க அனுப்ப வேண்டும்.

தண்ணீரில் இறங்கிய சில வாரங்களிலேயே எந்த முறையில் தேடினாலும் முட்டை கிடைக்காது. புழு வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதம் ஆகும். பிராசிகுவாண்டெல் மாத்திரையும் அந்த இளம் புழுக்களிடம் சரியாக எடுபடாது.

மாத்திரை கொடுத்த பின் கேள்வியே மாறிவிடுகிறது. சுவரில் சிக்கிய செத்த முட்டைகள் மாதக்கணக்கில் உதிர்ந்துகொண்டே இருக்கும், அவற்றிலும் முள் அப்படியே இருக்கும். அவற்றை எண்ணி மருந்து பலிக்கவில்லை என்று சொன்னால் தவறு. இங்கே வடிகட்டியும் ஃபார்மலினும் வேண்டாம். ஆறு வாரத்துக்குப் பிறகு நண்பகலில் எடுத்த சிறுநீரின் வண்டலை உடனே நாற்பது மடங்கு லென்ஸில் பார்க்க வேண்டும். செத்த முட்டை கருத்து, சுருங்கி, உள்ளே உருவம் இல்லாமல் இருக்கும். உயிருள்ளதில் ஓடு தெளிவாக, உள்ளே மிராசிடியம் அசைவது தெரியும். ஐயம் இருந்தால் மீதி வண்டலில் குளோரின் இல்லாத சுத்தமான தண்ணீரை ஊற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். உயிருள்ள முட்டை பொரிந்து மிராசிடியங்கள் நீந்தத் தொடங்கினால், அவருக்கு மீண்டும் மாத்திரை தேவை.