வீட்டு போட்டோவில் நீல வானமும் பெரிய பெட்ரூமும்: டோக்கன் அனுப்புவதற்கு முன் இதைப் படியுங்கள்

வெளியூரில் இருந்துகொண்டு சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர்கள், முக்கியமாக அப்பா அம்மாவுக்காகத் தேடுகிறவர்கள், இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் டோக்கன் அட்வான்ஸ் அனுப்புங்கள். போட்டோவில் ஒரு வீட்டைக் காட்டி நேரில் வேறு வீட்டைக் கொடுத்த மாதிரி ஆன கதை எங்களுடையது. வீடு அதேதான், முகவரியும் சரிதான். போட்டோவில்தான் கைவைத்திருந்தார்கள்.

நாங்கள் புனேயில் இருக்கிறோம். பெற்றோருக்காகக் குரோம்பேட்டைப் பக்கம் இரண்டு பெட்ரூம் வீடு தேடினோம். அம்மாவுக்குப் பார்வை மங்கல். பகலில் லைட் போடாமல் நடமாடுகிற அளவுக்கு வெளிச்சம் வேண்டும் என்பதுதான் எங்கள் முதல் நிபந்தனை, புரோக்கரிடமும் அதைத்தான் முதலில் சொன்னோம். அவர் வாட்ஸாப்பில் போட்டோக்களை அனுப்பினார். பெட்ரூம் 12க்கு 11, இரண்டாவது மாடி, திறந்த பால்கனி, நல்ல வெளிச்சம் என்று கீழே எழுதியிருந்தார். "சார், இன்னும் ரெண்டு பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க. இன்னிக்கு டோக்கன் போட்டாதான் ஓனர் நிறுத்தி வைப்பாரு" என்றார். 15,000 ரூபாய் அனுப்பினோம்.

நேரில் போனபோது டேப் வைத்து அளந்தோம். அந்தப் பெட்ரூம் 9 அடிக்கு 10 அடி. ஆறடி அகலக் கட்டிலைப் போட்டால் மிச்சம் மூன்றடி. அதில் அம்மாவின் பீரோவை வைத்தால் நடக்க ஒன்றரை அடிதான் இருக்கும், பீரோ கதவைத் திறந்தால் அதுவும் அடைபட்டுவிடும். பால்கனிக்கு எதிரில் வானம் இல்லை. பக்கத்து அடுக்குமாடியின் க்ரீம் நிறச் சுவர்தான் இருந்தது. ஒட்டடைக் கம்பை நீட்டினால் தொடலாம். காலை பதினொரு மணிக்கு உள்ளே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

பெட்ரூம் போட்டோவில் இரண்டு வேலை நடந்திருந்தது. இரண்டும் வேறுவேறு, அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, போன் கேமராவில் 0.5x என்று வரும் அகல லென்ஸ். இதை மட்டும் வைத்து யாரையும் மோசடிக்காரர் என்று சொல்ல முடியாது. சின்ன அறையின் மூலையில் நின்று எடுக்கும்போது 1x போட்டால் அறை முழுசாக விழாது. ஆனால் அகல லென்ஸ் அறையை நீளமாகக் காட்டும். காலடியில் இருக்கும் டைல்ஸ் பிரமாண்டமாகவும் எதிர்ச்சுவர் சின்னதாகவும் விழும். சின்னதாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று நம் கண் எடுத்துக்கொள்ளும், அதனால் பத்தடி அறை பதினைந்தடி போலத் தோன்றும். இந்த லென்ஸ் போட்டதற்கு அடையாளம், போட்டோவின் ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருட்கள். எங்களுக்கு வந்த படத்தில் வலது ஓரத்தில் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. அது டிரம் மாதிரி அகன்று தெரிந்தது. இந்த லென்ஸில் படத்தின் இடது வலது விளிம்பில் இருக்கும் பொருள் ஒன்றரை மடங்குக்கு மேலேயே அகலமாக விழும், நடுவில் இருப்பது ஒழுங்காக விழும். ஓரத்தில் நிற்கும் மனிதரின் தலை அகன்று தெரிவதும் இதனால்தான்.

இரண்டாவது வேலைதான் சுத்த ஏமாற்று. எடுத்த படத்தை எடிட்டிங்கில் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்க எதிர்ச்சுவரைப் பாருங்கள். கேமராவுக்கு நேர் எதிரே இருக்கும் சுவரில் மாட்டிய வட்டமான கடிகாரம் அகல லென்ஸில்கூட வட்டமாகத்தான் விழும், அது சுவரின் ஓரத்தில் இருந்தாலும் சரி. நேராக நின்று எடுத்த படத்தில் அந்தக் கடிகாரம் கோழிமுட்டையாகத் தெரிந்தால் படத்தை இழுத்திருக்கிறார்கள். சுவரைச் சாய்வாக நின்று எடுத்திருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

எங்கள் படத்தில் கடிகாரத்தை லேப்டாப் திரையில் ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலம் 15 மில்லிமீட்டர், உயரம் 12. அதாவது கால் பங்கு இழுத்திருக்கிறார்கள். அதே சுவரில் பாத்ரூம் கதவும் இருந்தது. நிஜத்தில் அது இரண்டரை அடி அகலம், ஏழடி உயரம், உயரம் அகலத்தைப் போல 2.8 மடங்கு. போட்டோவில் 2.2 மடங்குதான் வந்தது. கடிகாரம் சொன்ன அதே கணக்கு. 9 அடியைக் கால் பங்கு இழுத்தால் 11 அடிக்கு மேல் வரும். விளம்பரத்தில் இருந்த அளவு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் இவ்வளவு கணக்குகூடத் தேவையில்லை. அகல லென்ஸும் இப்படிப் பக்கவாட்டில் இழுக்கும் எடிட்டிங்கும் படத்தை நீட்டத்தான் முடியும், அதனால் ஒரு டைல்ஸ்கூட அதிகமாகாது. எதிர்ச்சுவரின் அடியில், ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை எத்தனை டைல்ஸ் என்று எண்ணுங்கள். நம் ஊர் அடுக்குமாடிகளில் ஹாலிலும் பெட்ரூமிலும் பெரும்பாலும் இரண்டடிக்கு இரண்டடி வெட்ரிஃபைடு டைல்ஸ்தான் இருக்கும். எங்கள் படத்தில் நான்கரை டைல்ஸ் இருந்தது. நான்கரை இரண்டு ஒன்பது. டேப் காட்டிய அளவும் அதுவே.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதுக் கட்டடங்களில் 800 மில்லிமீட்டர் டைல்ஸும், இரண்டடிக்கு நான்கடி டைல்ஸும் போடுகிறார்கள், சில பழைய வீடுகளில் ஓரடி டைல்ஸ் இருக்கும். அதனால் டைல்ஸின் அளவை அதே சுவரில் இருக்கும் கதவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை அடிக் கதவுக்கு அடியில் ஒன்றேகால் டைல்ஸ் வந்தால் அது இரண்டடி டைல்ஸ். படத்தை இழுத்திருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் கதவும் டைல்ஸும் சேர்ந்துதான் இழுபடும். இரண்டு மூலைகளும் ஒரே படத்தில் தெரியாவிட்டால் தெரிகிற மாதிரி இன்னொரு படம் கேளுங்கள். கட்டிலும் மிதியடியும் போட்டுத் தரையை மறைத்த படமாகவே திரும்பத் திரும்ப வந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

இனி வானம். இதைத்தான் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை, ஏனென்றால் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டவர்களிடம் இதைச் செய்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக வெளிறிப்போன வானத்தில் கொஞ்சம் நீலம் சேர்ப்பது போட்டோ எடுக்கிறவர்கள் வழக்கமாகச் செய்வதுதான். 2020 அக்டோபரில் போட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்றும் வசதி வந்துவிட்டது, இப்போது இது சில நொடி வேலை. உண்மையில் வானம் இருக்கும் இடத்தில் அதைச் செய்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. எங்களுக்கு வந்த படத்தில் சுவரை அழித்துவிட்டு அந்த இடத்தில் வானத்தை வைத்திருந்தார்கள்.

வானம் எதுவரை கீழே இறங்குகிறது என்று பாருங்கள். கேமராவை நேராகப் பிடித்து எடுத்தால் அடிவானம் எப்போதும் கேமரா இருக்கும் உயரத்தில்தான் விழும். நின்றுகொண்டு எடுப்பவர் போனை நாலரை ஐந்தடி உயரத்தில் பிடித்திருப்பார். கதவின் தாழ்ப்பாள் மூன்று மூன்றரை அடியில் இருக்கும். ஆகவே தாழ்ப்பாளுக்குக் கீழே உள்ள மட்டத்தில் வெளியே தெரிவது தெருவாக, மொட்டை மாடியாக, மரமாக, ஏதாவது ஒரு கட்டடமாக இருக்க வேண்டும். அங்கே வானம் தெரிய வழியே இல்லை. எங்கள் படத்தில் பால்கனி கிரில்லின் அடிக்கம்பி வரை, தரையிலிருந்து ஓரடி உயரம் வரைக்கும், நீல வானம் இருந்தது. இரண்டாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டிகூட இல்லாமல் நீலம் மட்டும் தெரிந்தால் அது ஒட்டு வேலை.

அப்புறம் படத்தைப் பெரிதாக்கி கிரில்லைப் பாருங்கள். வானத்தை மாற்றும் மென்பொருள் பெரிய பரப்பைச் சுத்தமாக எடுத்துவிடும், பொடிப்பொடி இடைவெளிகளில் தடுமாறும். எங்கள் கிரில்லில் சுருள் டிசைன் ஒன்று கம்பியோடு சேரும் இடத்தில், நகத்தளவுக்கும் குறைவான முக்கோணங்களில், அந்தக் க்ரீம் நிறச் சுவர் அப்படியே மிச்சமிருந்தது. மரம் இருந்தால் இலைகளுக்கு நடுவே பழைய வானத்தின் வெள்ளைத் துணுக்குகள் இருக்கும். கேபிள் ஒயர் பாதியில் காணாமல் போயிருக்கும்.

நிழலையும் பார்க்க வேண்டும். கட்டடத்தின் முகப்புப் படத்திலும் பளிச்சென்ற நீல வானம் இருந்தது, ஆனால் வாசலில் நின்ற ஸ்கூட்டருக்கு அடியில் மங்கலாக ஒரு கறை மட்டும்தான் இருந்தது. அந்த வானத்துக்கு விளிம்பு தெளிவான நிழல் விழுந்திருக்க வேண்டும். படம் எடுத்தது மேகமூட்டமான நாளில். இன்னொன்று, முகப்புப் படத்தில் இருந்த அதே மேகம் பால்கனிப் படத்திலும் இடம் வலம் மாறி இருந்தது. இரண்டு படங்களும் எதிரெதிர் திசையைப் பார்த்து எடுத்தவை.

இந்தப் படங்களில் எல்லாம் வட்டம் போட்டு புரோக்கருக்கு அனுப்பினேன். ஓனரிடம் பேசினால், போட்டோ எடுத்ததும் போட்டதும் புரோக்கர்தான், தனக்குத் தெரியாது என்றார். கடைசியில் 10,000 திரும்பி வந்தது, 5,000 வரவில்லை. வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: புது ப்ராஜெக்டில் பில்டரின் தவறான விளம்பரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்து நஷ்டப்பட்டால் 2016 ரெரா சட்டத்தின் 12வது பிரிவில் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். எங்களைப் போல வாடகைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பிரிவு உதவாது.

இப்போது நாங்கள் போட்டோவை மட்டும் நம்பிப் பணம் அனுப்புவதில்லை. வீடியோ காலில் 1x வைத்து வாசலிலிருந்து நிறுத்தாமல் நடந்துவரச் சொல்கிறோம். பால்கனியில் போய் கிரில்லுக்கு வெளியே போனை நீட்டி நேராகவும் இரண்டு பக்கமும் காட்டச் சொல்கிறோம். பெட்ரூமில் சுவரோடு சுவராக டேப்பை விரித்து, எண் தெரிகிற மாதிரி காட்டச் சொல்கிறோம். போட்டோ அனுப்புவதானால் வாட்ஸாப்பில் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரம் அழிந்துவிடும். டோக்கனுக்கு முன்னால் இப்படி ஒரு வரியும் எழுதி வாங்குங்கள்: "பெட்ரூம் உள்ளளவு இத்தனை அடிக்கு இத்தனை அடி, பால்கனிக்கு எதிரில் இத்தனை அடி வரை கட்டடம் இல்லை, நேரில் இது மாறினால் டோக்கன் முழுத்தொகையும் திரும்பத் தரப்படும்." இதற்கு முன் ஒருவர் இதை அனுப்ப மறுத்தார், அந்த வீட்டை விட்டுவிட்டோம். இப்போது பார்த்திருக்கும் வீட்டின் ஓனர் உடனே எழுதி அனுப்பினார், டேப் படத்தோடு.