கேஸ் லேபிளை போட்டோவிலிருந்து தமிழாக்க மூன்று வழிகள்: எதில் 'கூடாது' தொலைகிறது?

கேஸ் கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சிலிண்டரிலோ அடுப்போடு வரும் தாளிலோ இந்தியில் ஐந்து வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி ரெகுலேட்டரை மூடச் சொல்கிறது, இரண்டாவது எரியும் விளக்கையும் ஊதுபத்தியையும் அணைக்கச் சொல்கிறது. மின் சுவிட்சைத் தொடாதே என்பது மூன்றாவது. நான்காவதில் கதவு ஜன்னலைத் திறக்க வேண்டும், ஐந்தாவதில் 1906-ஐ அழைக்க வேண்டும். இதை அப்படியே தமிழில் கொண்டுவர மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, கேமராவைக் காட்டினால் படத்தின் மேலேயே தமிழ் தெரியும் வசதி. கையில் எடுத்ததும் வேலை முடிகிறது. ஆனால் மூல எழுத்தை மறைத்துக்கொண்டுதான் தமிழ் நிற்கிறது என்பதால், ஒரு வரி விடுபட்டாலும் கண்ணுக்குப் படாது. சிலிண்டர் உருண்டையாக இருப்பதால் ஓரத்து எழுத்துகள் நசுங்கித் தெரியும்; போன் சற்று அசைந்தால் அதே வரி வேறு சொல்லாக மாறும். இது என்ன லேபிள், கசிவைப் பற்றியதா, குழாயைப் பற்றியதா என்று தெரிந்துகொள்ள மட்டும் இது போதும். அச்சடித்து சமையலறையில் ஒட்டுவதற்கு இதை நம்பக் கூடாது.

இரண்டாவது, படத்திலிருந்து எழுத்தைத் தனியே பிரித்தெடுத்து, பிறகு மொழிபெயர்ப்பது. இதில் மூலமும் தமிழும் தனித்தனியாகக் கையில் இருக்கும் என்பதால் இதுதான் என் தேர்வு. ஆனால் பிரித்தெடுத்ததைத் திருத்தாமல் மொழிபெயர்ப்பில் போடக் கூடாது. மூன்றாவது வரியின் இந்தி, 'பிஜ்லீ கே ஸ்விச் ஆன் யா ஆஃப் ந கரேன்'. இங்கே எச்சரிக்கை முழுவதும் அந்த ஒற்றை 'ந'வில்தான் இருக்கிறது. மை தேய்ந்தோ பளபளப்பு பட்டோ அது விழுந்துவிட்டால், கேஸ் நிறைந்த அறையில் சுவிட்சைப் போடு அல்லது அணை என்று தமிழ் வரும். அந்தத் தமிழ் வாக்கியம் பிழையில்லாமல், சரளமாகவே இருக்கும்; அதனால்தான் தமிழை மட்டும் படித்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு தொல்லை, செய்ய வேண்டியவை இடப்பக்கமும் கூடாதவை வலப்பக்கமுமாக அச்சிட்ட லேபிள்கள். எழுத்தைப் பிரிக்கும் செயலி இரண்டு பத்தியையும் குறுக்கே ஒரே வரியாகப் படித்துவிடுவதுண்டு. எனவே ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டிக் கொடுக்க வேண்டும். தீக்குச்சிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு மட்டும் போட்டிருந்தால் அது எழுத்தே இல்லை, எழுத்தைப் பிரிக்கும் செயலி அதை எடுத்துத் தராது. 'தீக்குச்சி கொளுத்தக் கூடாது' என்று அந்த இடத்திலேயே கையால் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எண் போட்டுக் கையால் தட்டச்சு செய்து, பிறகு தமிழாக்குவது. நேரம் பிடிக்கும், மூல எழுத்தைப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மழுங்கிய லேபிளுக்கு வேறு வழியும் இல்லை.

எந்த வழியானாலும் போட்டோ முதலில் ஒழுங்காக வேண்டும். ஃப்ளாஷ் வேண்டாம். சிலிண்டரைச் சாய்க்காமல், நீங்கள் சுற்றிவந்து மூன்று படம் எடுங்கள். ஒரு படத்தின் ஓரத்துச் சொற்கள் அடுத்த படத்தின் நடுவில் வந்தால் விடுபட்டது தெரிந்துவிடும்.

இனி தமிழாக்கம். இந்த ஐந்து வரிகளில் செயலிகள் சறுக்கக்கூடிய இடம் 'அணை' என்ற சொல். ரெகுலேட்டரையும் அணை, விளக்கையும் அணை, சுவிட்சையும் அணைக்காதே என்று மூன்று இடத்திலும் ஒரே சொல் வந்தால், பதற்றத்தில் படிப்பவர் எதை அணைப்பது, எதைத் தொடக் கூடாது என்று குழம்புவார். ரெகுலேட்டருக்கு 'மூடவும்', தீக்கு மட்டும் 'அணைக்கவும்', சுவிட்சுக்குப் 'போடவோ நிறுத்தவோ கூடாது' என்று பிரித்து எழுதுங்கள்.

வரிசையும் சும்மா இல்லை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும்; சுவிட்சில் எழும் சிறு பொறியிலும் அது பற்றிக்கொள்ளலாம். ஜன்னலைத் திறக்கப் போகிறவர் கை எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சுக்குத்தான் முதலில் போகும். அதனால்தான் நம் லேபிளில் சுவிட்சு வரி ஜன்னல் வரிக்கு முன்னால் நிற்கிறது. நான்கையும் மூன்றையும் 'காற்றோட்டம்' என்று ஒன்றாக்கிச் சுருக்கினால் அந்தத் தடை பின்னுக்குப் போய்விடும். ஆனால் ஒரு வாக்கியத்துக்குள் சொல் இடம் மாறலாம். அடுப்பைப் பற்றவைக்கும் குறிப்பில் 'தீக்குச்சியைக் கொளுத்தும் முன் குமிழைத் திறக்காதே' என்பதை 'தீக்குச்சியைக் கொளுத்திய பிறகே குமிழைத் திறக்கவும்' என்றால் செய்யும் வரிசை கெடவில்லை. ஆனால் தடை இப்போது அந்த 'ஏ'காரத்தில்தான் தொங்குகிறது. அதை விட்டு 'கொளுத்திய பிறகு' என்று எழுதினால் வெறும் குறிப்பாகிவிடும்.

கடைசியில் மூலத்தில் ஐந்து வரி என்றால் தமிழிலும் ஐந்து வரி இருக்கிறதா என்று எண்ணுங்கள். இரு பக்கமும் 'கூடாது' வரிகளை மட்டும் தனியாக எண்ணுங்கள். பிறகு எண்களை: 1906, 14.2 கிலோ போன்றவற்றை, போட்டோவைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள், 14.2-இல் புள்ளி போனால் 142 ஆகும்.