அப்பாவின் சிறுநீரகத்தை ஒரே எழுத்தில் கெடுத்தார்கள்: 140 யூரோ போச்சு

நேற்று சென்னையில் நடந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பாரிஸ் புறநகரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. நெஞ்சு அடைப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊருக்கு வரும் சாக்கில் சென்னையில் ஒரு இதய மருத்துவரிடமும் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம். அவர் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும் என்றார். அதற்கு நரம்பில் சாயம் ஏற்றுவார்கள், அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். அதனால் கிரியாட்டினின் அளவு முதலில் தெரிய வேண்டும். எங்களிடம் பிரெஞ்சு லேப் ரிப்போர்ட் இரண்டு பக்கம் இருந்தது. ஆங்கிலத்தில் தாருங்கள் என்றார்.

ஆன்லைனில் மொழிபெயர்த்துத் தரும் ஒரு நிறுவனத்தைப் பிடித்தேன். பெயர் வேண்டாம். இரண்டு பக்கத்துக்கு 100 யூரோ. சாட்டில் வந்த பெண், "இந்திய மருத்துவர் பார்க்கும் அலகுக்கே மாற்றித் தருகிறோம், 40 யூரோ கூடுதல்" என்றார். அங்கேதான் நம்பிவிட்டேன். பிரெஞ்சு லேப் லிட்டர் கணக்கில் எழுதும், இந்தியாவில் டெசிலிட்டர் கணக்கு என்று அவராகவே சொன்னார். விஷயம் தெரிந்தவர்கள் என்று நினைக்காமல் என்ன செய்வது? மொத்தம் 140 யூரோ.

மறுநாளே வந்தது. கட்டம் கட்டமாக அழகு, கீழே முத்திரை வேறு. ஹீமோகுளோபின் 13.8 மட்டும் பார்த்தேன், சரியாக இருந்தது. பிரான்சிலும் அது டெசிலிட்டர் கணக்கில்தான் வரும் என்பதால் சரியாக இருந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

மருத்துவர் ஒரு நிமிஷம் தாளைப் பார்த்தார். அப்புறம் அப்பாவிடம், "சார், டயாலிசிஸ் எத்தனை நாளா போகுது?" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அந்த முகத்தை மறக்க முடியவில்லை.

மூலத்தில் கிரியாட்டினின் 11,2 mg/L. அதாவது 1.12 mg/dL, அவர் வயசுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. இவர்கள் எண்ணைத் தொடவே இல்லை. அலகில் ஒரு d மட்டும் சேர்த்து 11.2 mg/dL ஆக்கியிருக்கிறார்கள். சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றுபோனவருக்கு வரும் எண் அது! பக்கத்தில் இருந்த இயல்பு வரம்பு 7,2 முதல் 12,5 வரை. அதற்கும் அதே d. மூலத்தில் அடுத்த வரியிலேயே 99 µmol/L என்று இரண்டாவது அலகிலும் அதே முடிவு இருந்தது. அது இருந்திருந்தால் யாரும் பிடித்திருப்பார்கள். ஒரே விஷயம் இரண்டு தடவை வருகிறது என்று நீக்கிவிட்டார்களாம்.

மருத்துவருக்குச் சந்தேகம் வந்தது சர்க்கரையில். வெறும் வயிற்றில் 1,08 g/L, அதாவது 108 mg/dL. மொழிபெயர்ப்பில் 1.08 mg/dL. "இந்த அளவு இருந்தா இவர் இங்க உட்கார்ந்து பேச மாட்டார்" என்றார். அன்றே மறுபடி ரத்தம் எடுத்தார்கள், கிரியாட்டினின் 1.1. ஸ்கேன் வியாழனுக்குத் தள்ளிப்போனது. அப்பா இரவு முழுக்கத் தூங்கவில்லை.

நிறுவனத்துக்கு எழுதினேன். முதல் பதில்: "எண்கள் மூலத்தில் உள்ளபடியே உள்ளன." ஆமாம், அதுதானே புகார்! இரண்டாவது பதில்: "முடிவு வரம்புக்குள் இருப்பதால் மருத்துவர் குழம்பக் காரணமில்லை." வரம்பையும் நீங்கள்தானே கெடுத்தீர்கள்? மூன்றாவது, அடுத்த முறைக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். 140 யூரோவைக் கேட்டால் புகார் முடிக்கப்பட்டது என்று ஒரு மின்னஞ்சல். மாற்றித் தருவதற்கென்றே வாங்கிய 40 யூரோவைக்கூடத் தரவில்லை.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பிரெஞ்சு மூலத்தையும் சேர்த்தே அனுப்புங்கள். அலகை மாற்றவே சொல்லாதீர்கள், எண்ணும் அலகும் அப்படியே இருக்கட்டும், சொற்களை மட்டும் மாற்றினால் போதும். mg/dL ஆக மாற்றியிருந்தால் mg/L பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறதா, g/L நூறு மடங்காகக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கிரியாட்டினினுக்குக் கீழே DFG என்று ஒரு வரி இருக்கும், சிறுநீரகம் வடிகட்டும் வேகம். அப்பாவுக்கு 67. அது 67 ஆக இருக்கும்போது கிரியாட்டினின் 11 mg/dL வரவே வராது. காற்புள்ளி அங்கே தசமப் புள்ளி, அதையும் கவனியுங்கள். முத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள், எங்கள் மருத்துவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

140 யூரோ. வங்கியில் இன்று புகார் கொடுக்கிறேன்.