ஒரு ரூபாய் டிரயல் ஆட்டோபே: அந்த நிறுவனத்தைக் கெஞ்ச வேண்டியதில்லை, வங்கிப் பக்கமே நிறுத்தலாம்

ஒரு உடற்பயிற்சி ஆப்பில் ஒரு ரூபாய்க்கு ஏழு நாள் டிரயல் என்று போட்டிருந்தார்கள். டிரயல் முடிந்த கையோடு கணக்கிலிருந்து 799 ரூபாய் போய்விட்டது. ஆப்பில் ரத்து பட்டனைத் தட்டினால் ஏன் போகிறீர்கள், தள்ளுபடி வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுத் திரும்ப முகப்புக்கே கொண்டுவந்து விடுகிறது. மின்னஞ்சல் போட்டால் பதிலே இல்லை.

இதில் மாட்டியவர்கள் பலர் ஆப்பை அழித்துவிட்டு, முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முடியாது. அனுமதி பதிவாகியிருப்பது வங்கியிடம், ஆப்பில் இல்லை. யூபிஐ ஆப்பில் என்னுடைய அனுமதியைத் திறந்து பார்த்தால் தொகை 'up to ₹5,000', எப்போது என்ற இடத்தில் 'As presented', முடியும் தேதி பல வருடம் தள்ளி. அதாவது 5,000 வரை எவ்வளவு வேண்டுமானாலும், அவர்கள் கேட்கும்போதெல்லாம் எடுக்கலாம். 799 என்பது அவர்களாகப் பார்த்து எடுத்த தொகை, அவ்வளவுதான்.

நிறுத்துவது எளிது. எந்த யூபிஐ ஆப்பில் பின் போட்டு ஒப்புக்கொண்டீர்களோ அதைத் திறந்து, ஆட்டோபே பகுதிக்குப் போய், அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து ரத்து கொடுங்கள். மறுபடி பின் கேட்கும், போட்டால் சரி. இடைநிறுத்தம் என்று பக்கத்திலேயே ஒன்று இருக்கும், அது தற்காலிகம்தான். ரத்தானதாகக் காட்டும் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

யூபிஐயில் இல்லாமல் கணக்கு எண் கொடுத்துச் செய்தது என்றால் அது நாச் மேன்டேட், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்க வங்கி வழியாக நீங்கள் கொடுத்த அனுமதி. பாஸ்புக்கில் 'NACH' அல்லது 'ACH' என்று வரும். அதற்கு நெட்பேங்கிங்கில் மேன்டேட் பகுதி இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் கிளையில் அந்த மேன்டேட்டின் அடையாள எண்ணான UMRN-ஐக் குறிப்பிட்டு ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுங்கள். "அந்தக் கம்பெனியையே கேளுங்க சார்" என்று கவுண்டரில் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் நகராதீர்கள். வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மனிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம், அப்போது அந்த முத்திரைதான் பேசும். பணம் எடுக்கும் நாளன்று போய் நிற்காதீர்கள், கோரிக்கை ஏற்கனவே வங்கிக்கு வந்திருந்தால் அந்தத் தவணை போய்விடலாம். கணக்கைக் காலியாக வைத்துத் தப்பிக்கலாம் என்பதும் வேண்டாம், நாச் திரும்பினால் வங்கி அபராதம் பிடிக்கும், அதற்கு ஜிஎஸ்டி வேறு.

யூபிஐ, கார்டு ஆட்டோபேயில் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும். விளம்பரக் குப்பைக்கு நடுவே அந்தக் குறுஞ்செய்தி கிடக்கும், அது வந்ததுமே ரத்து செய்தால் அடுத்த தொகை போகாது. ஏற்கனவே போன பணம் இதனால் திரும்பி வராது, அதற்குத் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும். கடன் தவணை என்றால் கணக்கே வேறு: ஆட்டோபே நின்றாலும் கடன் அப்படியே இருக்கும், வட்டியும் ஓடும்.