ஆர்ச்டாப், சாலிட் பாடி கிட்டார் ரெண்டையும் பல வருஷம் மேடையில வாசிச்ச அனுபவம்

ராயபுரம், பெரம்பூர் சைடு மெல்லிசைக் கச்சேரிக்கெல்லாம் வாசிக்கிறவன் நான். உள்ள கூடா இருக்குற, எஃப் ஹோல் வச்ச ஆர்ச்டாப் ஒண்ணு, முழுக்கட்டையில செஞ்ச டெலிகாஸ்டர் டைப் சாலிட் பாடி ஒண்ணு, ரெண்டும் ரொம்ப வருஷமா கையில இருக்கு. சர்ச் ஹால்ல சின்ன ஆம்ப் வச்சு ஜாஸ் வாசிச்சா ஆர்ச்டாப்ப அடிச்சுக்க ஆளில்ல. ஆனா ஆடி மாசம் அம்மன் கோயில் மேடையில, பின்னாடி ட்ரம்ஸ், காலடியில மானிட்டர், சைடுல ஆளுயர பாக்ஸ்னு இருக்கும்போது அது ஆவுறதில்ல.

அதோட மேல்பலகை மெல்லிசு, அதிரணும்னே செஞ்சது. ஆம்ப் சத்தம் வந்து பலகையையும் உள்ள இருக்க காத்தையும் ஆட்டும், பிரிட்ஜ் அது மேலயே நிக்கிறதால கம்பியும் சேந்து ஆடும், அத பிக்கப் எடுத்து திரும்ப ஆம்ப்புக்கு அனுப்பும், இப்டி ஒரு சுத்து சுத்தி வர்றப்போ சத்தம் கொறயாம ஏறிச்சுன்னா ஊளை ஸ்டார்ட். என்னுதுல அது 110 ஹெர்ட்ஸ் பக்கம், லோ ஈ கம்பியில 5வது ஃப்ரெட். எந்த நோட் வாசிச்சாலும் ஊளை அதே சுருதியில வந்து, உள்ளங்கையால பலகைய அழுத்துனா அடங்குதுன்னா, பாடிதான் காரணம். ஈக்யூல அந்த எடத்த கொறைக்கலாம், ஓட்டையில ஃபோம் அடைக்கலாம், கொஞ்சம் தாங்கும். ஆனா அந்த அடி சத்தத்துக்குத்தானே அத வாங்குனதே!

சஸ்டெயினும் இதே கததான். மீட்டுறப்போ கம்பிக்கு கெடைக்கிற சக்தி கொஞ்சம், ஆர்ச்டாப் அத பலகைய ஆட்டியே சீக்கிரம் செலவு பண்ணிடும், அதான் நோட் டக்குனு எழும்பி டக்குனு சாயும். சாலிட் பாடியோட கனமான கட்டை ஈஸியா அசையாது, அதனால சக்தி கம்பியிலயே தங்கி நோட் நீளமா நிக்கும், ஸ்லோ பாட்டுல லீட் வாசிக்கிறப்போ இது நல்லாவே தெரியும். 1940 வாக்குல அமெரிக்க கிட்டாரிஸ்ட் லெஸ் பால் 4 இஞ்ச் சதுர பைன் கட்டையில கம்பியும் பிக்கப்பும் வச்சு வாசிச்சாரு, பாக்க கிட்டார் மாதிரி இருக்கட்டும்னு ரெண்டு பக்கமும் ஆர்ச்டாப்போட பாதிய ஒட்டிக்கிட்டாரு. 1950ல ஃபெண்டர், 1952ல கிப்சன்னு சாலிட் பாடி கடைக்கே வந்துச்சு.

சாலிட் பாடி ஊளையே விடாதுன்னு இல்ல. டிஸ்டார்ஷன் ஏத்தி ஆம்ப் பக்கம் போனா வாசிக்கிற கம்பியே பாடும், ஆனா அது அந்த நோட்லயோ அதோட ஹார்மோனிக்லயோ வரும், நின்ன எடத்துலருந்து நகந்தா மாறும், லீடுக்கு அது வேணும்கூட. கீச்சுனு விசிலடிச்சா பிக்கப் காயில் லூசா இருக்கும், மெழுகுல முக்குனா சரியாவும்.

ஆர்ச்டாப் டோனும் வேணும் பெரிய மேடையும் வேணும்னா 1958ல வந்த இஎஸ்-335 டைப் பாருங்க, ரெண்டு ஓரமும் கூடு, நடுவுல கட்டை, பிரிட்ஜ் அந்த கட்டை மேல நிக்கும். டெலி அளவுக்கு வால்யூம் ஏத்த முடியாது, ஆனா ஆர்ச்டாப்ப விட நல்லாவே தாங்கும்.