ஸ்பென்ட் வாஷ்: நேரே கம்போஸ்டா, முதலில் வாயுக் கலனா?

சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகான மொலாசஸிலிருந்து ஸ்பிரிட் வடித்த பிறகு மிஞ்சும் ஸ்பென்ட் வாஷ் கடுங்காப்பி நிறத்தில், சூடாக, புளிப்பாக வெளியே வரும். அதை நேரே, கரும்புச் சாற்றை வடிகட்டும்போது தங்கும் சகதியான பிரஸ் மட்டில் தெளித்துக் கம்போஸ்ட் ஆக்குவது ஒரு வழி. காற்றுப் புகாத கலனில் விட்டு மீத்தேன் எடுத்துவிட்டு, மிஞ்சும் நீரைக் கம்போஸ்டுக்கு அனுப்புவது இன்னொரு வழி.

100 டன் கரும்பை வைத்துக் கணக்குப் போடுவோம். சுமார் 4.5 டன் மொலாசஸ், அதிலிருந்து ஏறக்குறைய 1,080 லிட்டர் ஸ்பிரிட். லிட்டருக்கு 12 லிட்டர் கழிவு என்றால் 13 கன மீட்டர் ஸ்பென்ட் வாஷ். அதே கரும்பில் கிடைக்கும் பிரஸ் மட் 3.5 டன்தான். டன்னுக்கு 2.5 கன மீட்டர் வீதம் 45 நாள் சுற்றில் தெளித்தால் 9 கன மீட்டர்கூட உள்ளே போகாது. மீதி 4 கன மீட்டருக்கு மேல் குளத்தில்தான் நிற்கும்.

கலன் வழியில் இந்த 13 கன மீட்டரிலிருந்து சுமார் 400 கன மீட்டர் வாயு வரும். பாய்லருக்கு ஏறக்குறைய 200 லிட்டர் ஃபர்னஸ் ஆயில் மிச்சம். கரிமச் சுமையும் பெருமளவு குறையும். ஆனால் நீரின் அளவு குறையாது. உள்ளே போன 13 அப்படியே வெளியே வரும். கலன் வைத்துவிட்டால் கழிவுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் தவறுவது இங்கேதான். வாயுவின் சூட்டைக் கொண்டு நீரைச் சுண்டவைத்து அளவைப் பாதியாக்கினால் பிரஸ் மட் போதும்.

நம் திருநெல்வேலிச் சீமையில் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு ஹெக்டேர் கம்போஸ்ட் களத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லட்சம் லிட்டர் நீர் சேரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த களம் எந்த வழிக்கும் உதவாது. குவியலின் அடியில் கருஞ்சாறு கசியும், நடுவில் சூடு 50 டிகிரிக்குக் கீழே இறங்கும், புளித்த வாடை வரும். அப்போது தெளிப்பதை நிறுத்தியே ஆக வேண்டும். வடிசாலை ஓடிக்கொண்டிருந்தால் அந்த மாதங்களின் கழிவு எங்கே போகும்? கூரையும், அடியில் நீர் இறங்காத தளமும் இல்லாத களத்தை நான் ஏற்கமாட்டேன்.

என் தேர்வு கலன், சுண்டவைப்பு, கூரைக்குக் கீழே கம்போஸ்ட். செலவு அதிகம்தான். கலனையும் தினமும் கவனிக்க வேண்டும்: ஆவியாகும் அமிலம் ஏறி, வாயுவில் மீத்தேன் பங்கு குறைந்தால் கலன் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பி.எச். விழும்வரை காத்திராமல் உடனே கலனுக்குள் விடும் கழிவைக் குறைக்க வேண்டும்.

ஊர்க்காரர்களுக்கு ஒன்று. கலன் பழுப்பு நிறத்தைப் போக்காது, பொட்டாசியம் உப்பையும் நீக்காது. களத்துக்குப் பக்கத்துக் கிணற்று நீர் மழைக்குப் பிறகு நீர்த்த டீ போலப் பழுத்தால், 'சுத்திகரித்த நீர்தான்' என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். தளத்தில் எங்கே விரிசல் என்று கேளுங்கள்.