விடுப்பில் தானியங்கிப் பதில்: ஜிமெயிலா, அவுட்லுக்கா?

10 முதல் 14 வரை விடுப்பு, 17 திங்களன்று பணிக்குத் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். ஜிமெயிலில் கடைசி நாளாக 16-ஐக் குறிக்க வேண்டும். அன்று இரவு 11:59 வரை பதில் போகும். 14 என்று குறித்தால் சனி, ஞாயிறில் எழுதுபவருக்கு ஒன்றும் போகாது. அவுட்லுக்கில் தேதியோடு நேரத்தையும் குறிக்கலாம் என்பதால் திங்கள் காலை 9 மணி வரை நீட்டிக்கலாம்.

மாற்றுத் தொடர்பாளரைச் சொல்வதில் அவுட்லுக்கே எனக்குப் பிடிக்கிறது. நிறுவனத்துக்குள் ஒரு பதில், வெளியாருக்கு வேறொரு பதில். சக ஊழியரின் கைபேசி எண்ணை உள்ளே மட்டும் தரலாம். வெளியாருக்குப் பொது மின்னஞ்சல் முகவரி போதும். ஜிமெயிலில் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். அதில் தனிப்பட்ட எண்ணை எழுதவே எழுதாதீர்கள்.

ஆனால் அந்தச் சக ஊழியரும் புதன்கிழமை விடுப்பு எடுத்துவிட்டால்? ஜிமெயிலில் வாசகத்தைத் திருத்தினால், ஏற்கெனவே பதில் பெற்றவர் மறுபடி எழுதும்போது புதிய பெயர் அவருக்குப் போய்ச் சேரும். திருத்தாவிட்டால் ஒருவருக்கு நான்கு நாளுக்கு ஒரு முறைதான். அவுட்லுக் பணியிடக் கணக்கில் ஒருவருக்கு ஒரே முறை. திருத்தியபின் தானியங்கிப் பதிலை அணைத்து மீண்டும் இயக்கினால்தான், ஏற்கெனவே பதில் பெற்றவருக்கும் புதிய வாசகம் போகும்.